வினிகரின் pKa 5.28 என்று வருகிறது, எங்கே தவறினேன்?

செம்பருத்தி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. போன வாரம் கடை வினிகரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம் பார்த்தோம். 10 மில்லி வினிகரை 100 மில்லியாக நீர்த்து, அதிலிருந்து 25 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்தேன். பியூரெட்டில் 0.100 மோலார் காரம். நிறங்காட்டி போடவில்லை, pH மீட்டர்தான். குறித்த அளவுகள் இவை, முதலில் விட்ட காரம் (மில்லி), அடுத்து pH:

0 — 3.16
2 — 4.05
5 — 4.50
8 — 4.82
9 — 4.91
12.5 — 5.28
15 — 5.66
16 — 5.94
17.0 — 6.71
17.2 — 8.60
17.4 — 10.49
18 — 11.06
20 — 11.55
25 — 11.93

பாதி வழியில் இருக்கும் pH தான் pKa என்று வகுப்பில் சொன்னார்கள். நான் மொத்தம் 25 மில்லி விட்டேன். பாதி 12.5. அங்கே 5.28. புத்தகத்தில் அசிட்டிக் அமிலத்துக்கு 4.76 என்று இருக்கிறது. ரெக்கார்டில் சிவப்பு மையில் "மறுபடி பார்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்கு தடவை பார்த்துவிட்டேன், வரைபடத்தில் ஒரு தவறும் தெரியவில்லை.

நடுநிலை நாயகன்

வரைபடம் சரிதான், பாதி எடுத்த இடம்தான் தவறு. நீங்கள் பியூரெட்டை எங்கே மூடினீர்களோ அதன் பாதி அல்ல, சமான புள்ளியின் பாதி வேண்டும். அமிலமும் காரமும் சரிக்குச் சரி ஆனால் நடுநிலை, அதாவது pH 7. உங்கள் கணக்கில் 7 வருவது 17.0-க்கும் 17.2-க்கும் நடுவே, 17.05 என்று வையுங்கள். பாதி 8.5. அங்கே pH கிட்டத்தட்ட 4.86. முடிந்தது.

ஆய்வக அக்கா

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. ஆனால் விடை பெரிதாக மாறவில்லை. அதனால்தான் இந்தத் தவறு வருடக்கணக்கில் பிடிபடாமல் ஓடுகிறது.

தம்பி, முதலில் உங்கள் அளவுகளில் கோடு எங்கே செங்குத்தாக எழுகிறது என்று பாருங்கள். 16-லிருந்து 17 வரை ஒரு முழு மில்லி விட்டதற்கு pH முக்கால் அளவுதான் ஏறியது. அப்புறம் 17.0-லிருந்து 17.2, வெறும் 0.2 மில்லிக்கு 1.89 ஏற்றம். அடுத்த 0.2 மில்லிக்கும் அதே 1.89. அதற்கு மேல் மறுபடி சோம்பல். இரண்டு பக்கமும் சமமாகப் பாய்கிறது என்பதால் பாய்ச்சலின் நடு 17.2. சமான புள்ளி அதுதான். அங்கே pH 8.60, 7 அல்ல. அமிலம் முழுவதும் தீர்ந்துபோய் பாத்திரத்தில் மிச்சம் இருப்பது சோடியம் அசிட்டேட், அது தண்ணீரோடு சேர்ந்து கொஞ்சம் காரத்தன்மை காட்டும். வலிமை குறைந்த அமிலத்தில் சமான புள்ளி 7-க்கு மேலே நிற்பது இதனால்தான்.

இப்போது பாதி: 17.2-இல் பாதி 8.6 மில்லி. நீங்கள் அந்த இடத்தில் அளவு எடுக்கவில்லை, ஆனால் 8-இல் 4.82, 9-இல் 4.91 இருக்கிறது. இடையில் 4.87.

ஏன் அந்த இடம் என்பதையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள். 17.2 மில்லிக் காரம் என்றால் 1.72 மில்லிமோல். ஆக எடுத்த அமிலமும் அவ்வளவுதான். 8.6 மில்லி விட்டபோது 0.86 அசிட்டேட்டாக மாறியிருக்கும், 0.86 அமிலமாகவே இருக்கும். சமன்பாடு இது:

pH = pKa + log([A⁻]/[HA])

இரண்டும் சமம் என்றால் விகிதம் ஒன்று, log பூஜ்யம், pH-உம் pKa-வும் ஒன்றாகிவிடும். நீர்த்த அளவு, பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவு எதுவும் வேண்டாம், இரண்டும் ஒரே பாத்திரத்தில்தானே இருக்கின்றன.

உங்கள் 12.5-ஐயே எடுங்கள். அங்கே 1.25 மாறிவிட்டது, 0.47 தான் மிச்சம். விகிதம் 2.66, log 0.42. 5.28-இலிருந்து 0.42-ஐக் கழியுங்கள், 4.86. தவறான இடத்தில் நின்றாலும், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிடலாம்.

செம்பருத்தி

நன்றி அக்கா. ஆனால் ஒரு குழப்பம். 8.60 என்பது pH என்கிறீர்கள், 8.6 என்பது மில்லி என்கிறீர்கள். என் நண்பன் 8.60-ஐ இரண்டால் வகுத்து 4.30 என்று எழுதி, "இதுதான் அரைப்புள்ளியின் pH" என்கிறான். அவன் ரெக்கார்டுக்கு 'சரி' போட்டுவிட்டார்கள்!

ஆய்வக அக்கா

உங்கள் வினிகரில் இரண்டு எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல். வேறு புட்டி வாங்கியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பாதியாக்க வேண்டியது கிடை அச்சில் இருக்கும் கன அளவை. நிலை அச்சில் இருப்பது மடக்கை, அதைப் பாதியாக்கினால் ஒன்றுக்கும் பொருள் இல்லை. நண்பரை வரைபடத்தில் 4.30 எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 2-க்கும் 5-க்கும் நடுவே வரும். அங்கே கால்வாசி அமிலம்கூட மாறியிருக்காது.

நடுநிலை நாயகன்

என் பதிலில் 7 தவறு என்று சொல்லிவிட்டு, விடை மாறவில்லை என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படி?

ஆய்வக அக்கா

pH 7-இல் விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். pKa 4.76 என்றால் அசிட்டேட் 174 பங்கு, அமிலம் 1 பங்கு. அதாவது வேலை 99.4 சதவீதம் முடிந்துவிட்டது. இந்த வினிகருக்கு அது 17.1 மில்லி. பாதியாக்கினால் பிழை 0.05 மில்லிதான் மிஞ்சும். அரைப்புள்ளியைச் சுற்றிக் கோடு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது, அங்கே ஒரு முழு மில்லிக்கு pH 0.1 தான் நகரும். அந்த இடம் அவ்வளவு பொறுமையானது. 0.05 மில்லிப் பிழையை உங்கள் மீட்டர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஆனால் இதே விதியைப் போரிக் அமிலத்திடம் கொண்டுபோய்ப் பாருங்கள். அதன் pKa 9.24. pH 7 வரும்போது நூற்றில் ஒரு பங்குகூட மாறியிருக்காது. அதைச் சமான புள்ளி என்று எடுத்தால் கணக்கு எங்கோ போய்விடும். அசிட்டிக் அமிலம் உங்களை மன்னித்தது, அவ்வளவுதான்.

சுண்ணாம்புக்கல்

இதற்கெல்லாம் எதற்கு மீட்டர்? இரண்டு துளி பினால்ப்தலீன் விடுங்கள், இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துங்கள். 8.2-க்கு மேல் நிறம் மாறும், உங்கள் பாய்ச்சல் அதைத் தாண்டித்தான் போகிறது. மெத்தில் ஆரஞ்சு மட்டும் வேண்டாம், அது 3.1-லிருந்து 4.4-க்குள் மாறிவிடும், 2 மில்லியிலேயே "முடிந்துவிட்டதோ" என்று தோன்றும். நாங்கள் இருபது வருடமாக இப்படித்தான் வினிகர் சோதிக்கிறோம்.

ஆய்வக அக்கா

ஐயா, வினிகரில் எவ்வளவு அமிலம் என்று பார்க்க அது போதும். 17.2 மில்லி கிடைத்தால் மூலப் புட்டியில் 0.688 மோலார், நூறு மில்லிக்கு 4.1 கிராம் என்று சொல்லிவிடலாம். இவர் கேட்பது pKa. நிறம் மாறும் இடம் மட்டும் தெரிந்தால் அது கிடைக்காது, பாதி வழியில் மீட்டர் என்ன காட்டியது என்றும் தெரிய வேண்டும்.

எலுமிச்சை வியாபாரி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், உண்மையிலேயே எலுமிச்சைச் சாறு புட்டியில் அடைத்து விற்கிறோம். மகளின் கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் சாற்றை இதே மாதிரி செய்து பார்த்தோம். ஒரே ஒரு பாய்ச்சல்தான் வந்தது. அதன் பாதிக் கன அளவில் pH 4.6 சொச்சம். இது அசிட்டிக் அமிலத்தின் எண் என்கிறீர்கள். எங்கள் சாற்றில் யாராவது வினிகர் கலந்துவிட்டார்களா? நான்கு நாளாகத் தூக்கமில்லை.

ஆய்வக அக்கா

நிம்மதியாகத் தூங்குங்கள் அண்ணாச்சி. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். அதில் கழன்று வரக்கூடிய ஹைட்ரஜன் மூன்று, ஆக pKa-வும் மூன்று: 3.13, 4.76, 6.40. மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி நெருங்கியிருப்பதால் தனித்தனிப் பாய்ச்சல் தெரியாது, மூன்றும் முடிந்தபிறகு ஒரே ஒரு பாய்ச்சல். அதன் பாதி என்பது ஒன்றரை ஹைட்ரஜன் கழன்ற இடம், அதாவது நடு ஹைட்ரஜனின் பாதி. அதன் pKa-வும் 4.76 ஆக இருப்பது வேடிக்கையான தற்செயல். உப்புச் செறிவால் அது சற்று இறங்கி 4.6 காட்டியிருக்கும்.

பாதியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பதற்கு உங்கள் சாறு நல்ல உதாரணம். கால்வாசி, முக்கால்வாசிக் கன அளவுகளில் pH என்ன என்று பாருங்கள். ஒரே ஹைட்ரஜன் உள்ள அமிலத்தில் கால்வாசியில் விகிதம் மூன்றில் ஒன்று, முக்கால்வாசியில் மூன்று, ஆக இடையே ஏற்றம் 0.95 தான் இருக்கும். சிட்ரிக் அமிலத்தில் அதே இடைவெளியில் இரண்டுக்கு மேல் ஏறும். உங்களுடையது சாய்ந்த ஏணி மாதிரி இருக்கும், தம்பியுடையது திண்ணை மாதிரி படுத்திருக்கும்.

எலுமிச்சை வியாபாரி

பார்த்துவிட்டேன். கால்வாசியில் 3.5, முக்கால்வாசியில் 5.8. அப்பாடா. மகளிடம் காட்டினேன், "நான் அப்போதே சொன்னேனே" என்கிறாள். அவள் சொல்லவே இல்லை.

செம்பருத்தி

அக்கா, எல்லாம் புரிந்தது. ஆனாலும் எனக்கு 4.87, புத்தகத்தில் 4.76. இந்த 0.11 எங்கிருந்து வந்தது? அரைப்புள்ளியில் ஒரு மில்லி பிசகினால்தான் 0.1 வரும் என்கிறீர்கள். நான் ஒரு மில்லியெல்லாம் பிசகவில்லை.

ஆய்வக அக்கா

சரியான கேள்வி. கன அளவில் பிழை இல்லை என்றால் மீட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்கு உங்கள் வரைபடமே சாட்சி சொல்லும்.

படுத்திருக்கும் பகுதியில் இரண்டு புள்ளிகளை எடுங்கள், 5 மில்லியும் 15 மில்லியும். முதலாவதில் மாறியது 5 பங்கு, மிச்சம் 12.2. log −0.39. இரண்டாவதில் மாறியது 15, மிச்சம் 2.2. log 0.83. சமன்பாட்டின்படி இரண்டுக்கும் நடுவே pH 1.22 ஏற வேண்டும். உங்கள் மீட்டர் காட்டியது 4.50-லிருந்து 5.66 வரை, அதாவது 1.16. பத்து ரூபாய்க்கு ஒன்பதரை ரூபாய் சில்லறை கொடுக்கிறது உங்கள் மின்முனை.

எல்லா அளவும் ஒரே எண்ணளவு தள்ளிப்போயிருந்தால் இந்த ஏற்றம் மாறியிருக்காது. ஏற்றமே சுருங்கியிருக்கிறது என்றால் மின்முனையின் சரிவு குறைவு. ஒன்று கேட்கிறேன், எந்தப் பஃபரில் மீட்டரைச் சரிசெய்தீர்கள்?

செம்பருத்தி

pH 7 பஃபரில் மட்டும். pH 4 புட்டி காலியாக இருந்தது.

ஆய்வக அக்கா

அதுதான். 7-இல் மட்டும் சரிசெய்தால் 7-இல் மட்டும்தான் சரி. அங்கிருந்து விலக விலக எல்லா எண்ணையும் 7-ஐ நோக்கி இழுத்துவிடும். அமிலப் பக்கம் கூடுதலாகக் காட்டும், காரப் பக்கம் குறைவாகக் காட்டும்.

4.87 என்பது 7-இலிருந்து 2.13 தள்ளி. 0.95-ஆல் வகுத்தால் 2.24. ஆக உண்மையான pH 4.76. தொடக்கத்தையும் பாருங்கள்: 3.16 என்பது 3.84 தள்ளி, வகுத்தால் 4.04, ஆக 2.96. உங்கள் செறிவில் அசிட்டிக் அமிலத்துக்குக் கணக்குப் போட்டாலும் அதே 2.96. இரண்டு இடமும் பொருந்திவிட்டது.

இதனால் சமான புள்ளி கெடவில்லை என்பதையும் கவனியுங்கள். பாய்ச்சல் எங்கே இருக்கிறது என்பதைச் சரிவு மாற்றாது, எவ்வளவு உயரம் என்பதைத்தான் மாற்றும். 17.2 அப்படியே நிற்கும்.

யாழ் இரசாயன ஆசிரியர்

தங்கச்சி, நல்ல விளக்கம். நியமிப்பு வளையியிலேயே மின்வாயைப் பரிசோதிக்கலாம் என்பதை நான் என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, இனிச் சொல்வேன். ஆனால் ஒரு இடத்தில் மிகச் சுத்தமாகப் பொருந்திவிட்டது என்பதே எனக்கு உறுத்துகிறது.

4.76 என்பது உப்பே இல்லாத எல்லைக்குச் சொல்லப்பட்ட மதிப்பு. இந்தத் தம்பியின் அரைப்புள்ளியில் சோடியம் அசற்றேற்று சுமார் 0.026 மோலார் இருக்கிறது. அந்த அயன் கூட்டத்துக்குள் அசற்றேற்று அயன் முழுத் திறனோடு வேலை செய்யாது. கணக்குப் போட்டால், குறையே இல்லாத மீற்றரும் அங்கே 4.70 அளவில்தான் காட்ட வேண்டும். 4.76 வந்தால் அது சரி என்று அர்த்தமில்லை, 0.06 கூட என்று அர்த்தம்.

இன்னொன்று. 5 மில்லியிலிருந்து 15 மில்லிக்குப் போகும்போது உப்புச் செறிவும் கூடுகிறது. அதனாலேயே 1.22-இல் ஏறக்குறைய 0.02 குறையும். ஆகவே 0.95 முழுவதும் மின்வாயின் குற்றம் அல்ல, அதில் கொஞ்சம் கரைசலின் குணம். மின்வாயின் சரிவு 0.965 போல இருக்கும் என்பது என் கணிப்பு. pH 4 தாங்கற் கரைசல் வாங்கி, ஒன்றையும் திருகாமல் அதில் என்ன காட்டுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வக அக்கா

ஒத்துக்கொள்கிறேன் சார். அயன் வலிமையை நான் சேர்க்கவில்லை. இரண்டு இடமும் பொருந்தியது என்று பூரித்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. தம்பி, பார்த்துச் சொல்லுங்கள்.

செம்பருத்தி (ஐந்து நாள் கழித்து)

புதிய pH 4.00 பஃபர் வந்தது. மீட்டரை பழையபடி 7 பஃபரில் மட்டும் வைத்துவிட்டு 4 பஃபரில் நனைத்தேன். 4.11 காட்டியது. அப்படியென்றால் 3.00-க்கு 2.89, சரிவு 0.963. ஆசிரியர் ஐயா சொன்ன எண் வந்துவிட்டது!

ஆனால் அந்தச் சரிவை வைத்து அரைப்புள்ளியைத் திருத்தினால் 4.79 வருகிறது. 4.70 வர வேண்டும் என்கிறீர்கள். இன்னும் 0.09 மிச்சம்.

நடுநிலை நாயகன்

வெப்பநிலையாக இருக்கும். நம் ஊர் ஆய்வகம் 25 டிகிரியிலா இருக்கிறது? மின்விசிறிகூடச் சுற்றாது.

யாழ் இரசாயன ஆசிரியர்

அசற்றிக் அமிலத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. 20-லிருந்து 30 பாகைக்குள் அதன் pKa அசைவதே இல்லை எனலாம். எனக்கு அந்த 7 புட்டியில்தான் சந்தேகம். பொசுபேற்றுத் தாங்கல் இரண்டு வகையில் விற்கிறார்கள், ஒன்று 7.00, மற்றது 6.86. 6.86-ஐ ஊற்றிவிட்டு 7.00 என்று திருகியிருந்தால் எல்லா எண்ணும் மேலே போகும்.

ஆய்வக அக்கா

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது சார். ஆனால் 7 என்று வைத்தது 6.86 என்றால், 4.00 வரை உண்மையான தூரம் 2.86, மீட்டர் காட்டியது 2.89. மின்முனை சற்றுக் கூடுதலாகவே காட்டுகிறது என்று ஆகும். அப்போது 5 மில்லிக்கும் 15 மில்லிக்கும் நடுவே 1.16 வந்திருக்காது, 1.21-ஐ ஒட்டி வந்திருக்கும். வரைபடம் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. அளவெடுத்த அன்று மின்முனை வேறு மாதிரி இருந்தது என்று சொன்னால்தான் உண்டு.

தம்பி, ஒவ்வொரு தடவை காரம் விட்டபிறகும் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தீர்களா? அந்த 7 புட்டியின் லேபிளில் என்ன போட்டிருக்கிறது?

செம்பருத்தி

பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள் அக்கா, பத்து விநாடிகூடக் காத்திருக்கவில்லை. லேபிளில் '7' தெரிகிறது, அதற்குப் பிறகு கிழிந்திருக்கிறது. புதன்கிழமை புதிய பஃபர் இரண்டையும் வைத்து, 8-க்கும் 9-க்கும் நடுவே கால் கால் மில்லியாக விட்டு மறுபடி எடுக்கிறேன். அளவுகளை இங்கேயே போடுகிறேன்.